கருஞ்சீரகக் கேப்சூலில் எத்தனை மில்லிகிராம்?

எகிப்தில் முடக்குவாதத்தால் அவதிப்பட்ட நாற்பது பெண்களுக்கு முதல் ஒரு மாதம் மருந்தே இல்லாத போலிக் கேப்சூல் கொடுத்தார்கள். அடுத்த மாதம் 500 மில்லிகிராம் கருஞ்சீரக எண்ணெய் அடைத்த கேப்சூலைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கொடுத்தார்கள். போலி மாதத்தில் நோயின் அளவு அசையவில்லை. எண்ணெய் மாதத்தில் இறங்கியது. வீங்கியிருந்த மூட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது, காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துக் கிடக்கும் நேரமும் குறைந்தது. 2012இல் ஒரு மூலிகை மருத்துவ ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது. கருஞ்சீரகம் விற்கிறவர்கள் இன்றுவரை கையில் பிடித்துக் காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

அப்படிக் காட்டும்போது கூடவே ஒரு வேதிப்பொருளின் பெயரும் வரும்: தைமோகுவினோன். 'கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் அழற்சியைக் குறைக்கிறது' என்ற வாக்கியம் மருந்துக்கடை அட்டைப்பெட்டியிலும் இருக்கிறது, வெந்தயம்-ஓமம்-கருஞ்சீரகப் பொடி பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியிலும் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் பொய் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்கே குறைக்கிறது, எவ்வளவு கொடுத்தால் குறைக்கிறது என்று அதில் சொல்லப்படவில்லை. ஆய்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், சோதனைக் குழாயிலும் எலியிலும் சோதிக்கப்பட்டது ஒரு பொருள், மனிதர்கள் விழுங்கியது வேறொரு பொருள் என்பது தெரியவரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சாதாரணக் கூட்டல் பெருக்கலாலேயே அளந்துவிடலாம்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். கருஞ்சீரகத்துக்கும் நம் அஞ்சறைப்பெட்டிச் சீரகத்துக்கும் தாவர உறவு கிடையாது. இரண்டும் வெவ்வேறு குடும்பம். கருஞ்சீரக விதையைச் செக்கில் ஆட்டினால் கிடைப்பதில் பெரும்பகுதி கொழுப்பு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், சூரியகாந்தி எண்ணெயில் இருப்பதும் அதுதான். இதைத் தவிர விதையில் மிகச் சிறிய அளவில் ஆவியாகும் எண்ணெய் ஒன்று உண்டு. விதையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏறும் காட்டமான வாசனை அதனுடையது. அந்த வாசனை எண்ணெய்க்குள் இருப்பதுதான் தைமோகுவினோன். தனியாகப் பிரித்தால் மஞ்சள் நிறப் படிகம். 45 டிகிரி வெப்பத்தை ஒட்டி உருகிவிடும். 1960களின் தொடக்கத்தில் எகிப்திய ஆய்வாளர் எல்-தகாக்னி இதைப் பிரித்தெடுத்தார்.

அழற்சிக் கதை சூடுபிடித்தது 1995இல். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஹௌட்டனும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் வயிற்றுக்குழியிலிருந்து வெள்ளணுக்களை எடுத்து, அவற்றைத் தூண்டிவிட்டு, வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் இரண்டு வகைப் பொருட்கள் சுரக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஒன்று, ஆஸ்பிரின் தடுக்கும் பாதையில் வருவது. மற்றொன்று, ஆஸ்துமாவில் பெரிதாகப் பேசப்படும் லியூகோட்ரயீன் வகை. தைமோகுவினோன் இரண்டையும் அடக்கியது. கருஞ்சீரகக் கொழுப்பு எண்ணெயும் அடக்கியது.

இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர்கள் சோதித்த எண்ணெயில் தைமோகுவினோன் வெறும் 0.2 சதவீத அளவில்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் செய்த வேலை, அந்த 0.2 சதவீதம் தனியாகச் செய்யக்கூடிய வேலையைவிட அதிகம். எண்ணெயில் உள்ள வேறு ஏதோ பொருளுக்கும், ஒருவேளை வழக்கத்தில் அதிகம் காணப்படாத ஒரு கொழுப்பு அமிலத்துக்கும், இதில் பங்கு இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையின் முக்கியமான வரி அதுதான். 'கருஞ்சீரகம் என்றால் தைமோகுவினோன்' என்று சமன்பாடு போட்டுவிட்ட பிறகு அந்த வரி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

அடுத்த பெரிய அடி 2008இல் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் வைக்கப்பட்டது. கருஞ்சீரக ஆய்வுகளிலேயே நேர்த்தியானவற்றில் ஒன்று என்று இதைச் சொல்வேன். காரணம், பலன் இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் மூலக்கூறு எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தேடிப் போனார்கள்.

நம் செல்களுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதக் கூட்டு ஒன்று இருக்கிறது. சாதாரண நேரத்தில் செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே இன்னொரு புரதத்தால் பிடித்துவைக்கப்பட்டுச் சும்மா கிடக்கும். கிருமியோ காயமோ அழற்சிச் சமிக்ஞையோ வந்தால் பிடி தளரும். உடனே அது உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டி, அழற்சியைப் பெருக்கும் புரதங்களுக்கான மரபணுக்களை இயக்கும். முடக்குவாத நோயாளியின் மூட்டுச் சவ்வில் இந்த இயக்கம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இதை நிறுத்தும் எதுவும் மருந்து தேடுகிறவர்களின் கண்ணில் படும்.

ரத்தப் புற்று வகைச் செல்களில் தைமோகுவினோன் இதை நிறுத்தியது. எப்படி நிறுத்தியது? பி65 என்ற பகுதிதான் டிஎன்ஏவில் ஒட்டுவது. அதன் அமினோ அமில வரிசையில் 38ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு கந்தக அணு. தைமோகுவினோன் அந்தக் கந்தகத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். சந்தேகத்தை இரண்டு வழியில் சோதித்தார்கள். கந்தகப் பிணைப்பை விடுவிக்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தபோது தைமோகுவினோனின் தடை விலகியது. பிறகு 38ஆம் இடத்தில் சிஸ்டீனை எடுத்துவிட்டு செரின் என்ற வேறு அமினோ அமிலத்தை வைத்த பி65ஐச் செய்து பார்த்தார்கள். அதன்மேல் தைமோகுவினோனின் ஜம்பம் பலிக்கவில்லை. ஆக, கை வைத்த இடம் அதுதான்.

ஆனால் இதே கண்டுபிடிப்புக்குள் ஒரு சங்கடமும் இருக்கிறது. சிஸ்டீன் உடலெங்கும் உள்ள புரதங்களில் இருக்கிறது. தைமோகுவினோன் குவினோன் வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பொருட்களுக்குக் கந்தகம் என்றால் ஆசை. வரப்பில் நடந்துபோகிற எவர் வேட்டியிலும் நாயுருவி விதை ஒட்டிக்கொள்வதுபோல், தைமோகுவினோன் எதிர்ப்படும் கந்தகத்தில் ஒட்டும். சோதனைக் குழாயில் எந்தப் புரதத்தை வைத்துச் சோதித்தாலும் 'தடுக்கிறது' என்ற விடை வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் ஜொனாதன் பேலும் ஜார்ஜினா ஹாலோவேயும் 2010இல், எந்தச் சோதனையில் போட்டாலும் மருந்துபோல் நடித்து ஆய்வாளர்களை ஏமாற்றும் வேதி அமைப்புகளைப் பட்டியலிட்டார்கள். குவினோன்கள் அதில் இருக்கின்றன. தைமோகுவினோன் புற்றுநோய்க்கும் ஆகும், சர்க்கரைக்கும் ஆகும், கல்லீரலுக்கும் மூளைக்கும் ஆகும் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பட்டியல் நினைவுக்கு வர வேண்டும்.

இதை வைத்து மூலக்கூறையே தள்ளிவிடுவதும் சரியல்ல. டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்தும் கந்தகத்தில் ஒட்டுவதுதான். நரம்பு உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோய்க்கு அதை அமெரிக்க அரசு 2013இல் அனுமதித்தது; இன்றும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அனுமதி கிடைத்தது சோதனைக் குழாய் முடிவைக் காட்டி அல்ல. தலா ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த பெரிய சோதனைகளில், வேளைக்கு 240 மில்லிகிராம் என்று அளவு நிர்ணயித்து, நோய் திரும்பத் தாக்குவது குறைகிறது என்று காட்டிய பிறகுதான் கிடைத்தது.

தைமோகுவினோன் எலிவரை வந்திருக்கிறது. நல்லபடியாகவே வந்திருக்கிறது. டெல்லி ஜாமியா ஹம்தர்தில் 2012இல் வெளியான ஆய்வு ஒரு எடுத்துக்காட்டு. குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் புரதத்தை எலிக்கு ஊசியாகப் போட்டால் அதன் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்க ஆரம்பிக்கும். பாதங்கள் சிவந்து வீங்கும். அந்த எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 21 நாள் தைமோகுவினோனை வாய்வழியாகக் கொடுத்தார்கள். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் வகைப் புரதங்கள் இறங்கின, மூட்டழற்சியின் தீவிரம் தணிந்தது.

இனிக் கணக்கு. எலி சிறிய விலங்கு, வளர்சிதை மாற்றம் வேகமானது. அதனால் எலிக்குக் கொடுத்த அளவை அப்படியே கிலோ கணக்கில் மனிதருக்குக் கொண்டுவரக் கூடாது. உடற்பரப்பை வைத்துச் சரிசெய்ய வேண்டும். மருந்து ஆய்வில் வழக்கமாகச் செய்வது எலியின் அளவை 6.2ஆல் வகுப்பது. 5ஐ வகுத்தால் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 மில்லிகிராம்.

எகிப்தியப் பெண்கள் விழுங்கியது ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் எண்ணெய். லண்டன் ஆய்வின் எண்ணெயைப்போல் அதில் 0.2 சதவீதம் இருந்தது என்று வைத்துக்கொண்டால் தைமோகுவினோன் 2 மில்லிகிராம். நல்ல எண்ணெய், ஒரு சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 10 மில்லிகிராம். எலியின் அளவைத் தொட வேண்டுமானால் முதல் கணக்கில் தினம் 48 கேப்சூல், இரண்டாம் கணக்கில் பத்து கேப்சூல் விழுங்க வேண்டியிருக்கும். தைமோகுவினோனைச் செறிவூட்டிய எண்ணெய்களும் இப்போது சந்தைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் கணக்கு மாறும். ஆனால் அந்த எண்ணெய்களுக்குப் பழைய எண்ணெயில் நடந்த சோதனையை ஆதாரமாகக் காட்ட முடியாது. இது எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய ஏமாற்று: ஆய்வில் பயன்பட்டதும் அட்டைப்பெட்டியில் இருப்பதும் ஒரே பொருளா என்று பார்த்தால் போதும்.

செல் ஆய்வுகளோடு ஒப்பிட்டால் தூரம் இன்னும் கூடுகிறது. அவற்றில் தைமோகுவினோன் கரைசலின் செறிவு சில மைக்ரோமோலில் தொடங்கிச் சில பத்து மைக்ரோமோல்வரை போகும். 25 என்று எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 மில்லிகிராம் சொச்சம். வளர்ந்த ஒருவரின் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும் சுமார் 3 லிட்டர். அதை அந்தச் செறிவுக்குக் கொண்டுவர 12 மில்லிகிராம் தேவை. அதுவும் ஒரு துளிகூடக் குடலில் வீணாகாமல், தசைக்கோ கொழுப்புக்கோ போகாமல், கல்லீரல் சிதைக்காமல் அப்படியே ரத்தத்தில் நின்றால்தான். உடல் அப்படி நிற்க விடாது. முயல்களில் செய்த ஆய்வில், வாய்வழி கொடுத்ததில் ஏறக்குறைய 58 சதவீதம் ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது. வந்ததில் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு பிணைந்துவிட்டது. ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் அல்புமின் புரதத்திலும் ஒரு சிஸ்டீன் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. கந்தகத்தைத் தேடி ஒட்டும் குணம் மூட்டுவரை போகும் முன்பே இங்கே தீர்ந்துபோகிறது.

நீரில் அதிகம் கரையாதது, வெளிச்சம் பட்டால் உருமாறுவது, காரத்தன்மையுள்ள கரைசலில் சீக்கிரம் சிதைவது என்று இதன் மற்ற குணங்களும் மருந்து தயாரிப்பவருக்குத் தலைவலி. நானோ துகள், லிப்போசோம் என்று பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் ஆய்வகத்திலேயே நிற்கின்றன.

மனிதருக்குத் தூய தைமோகுவினோனைக் கொடுத்தே பார்த்ததில்லையா என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள். சவுதி அரேபியாவில் வேறு சிகிச்சை பலிக்காத புற்றுநோயாளிகள் 21 பேருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் முதல் 2,600 மில்லிகிராம்வரை கொடுத்தார்கள்; முடிவு 2009இல் வெளியானது. தாங்கிக்கொண்டார்கள், குறிப்பிடத்தக்க நச்சு விளைவு தெரியவில்லை. புற்றுக்கட்டி சுருங்கவும் இல்லை. அளவை எவ்வளவுவரை உயர்த்தலாம் என்று பார்க்கும் முதல் கட்டச் சோதனை அது. அழற்சிக்கு விடை சொல்ல வந்ததல்ல. ஆனால் ஒன்று புரிகிறது. எலிக்கு ஈடான 48 மில்லிகிராமை ஒரு மனிதருக்குக் கொடுப்பது நடக்காத காரியமில்லை. முடக்குவாதத்துக்குச் சொல்லும்போது முன்னால் நிறுத்தப்படும் சோதனைகளில் இருப்பதோ எண்ணெய்தான்.

இப்போது எகிப்தியச் சோதனையை அருகில் வைத்துப் பார்க்கலாம். முடக்குவாதத்தின் தீவிரத்தை மருத்துவர்கள் டாஸ்-28 என்ற மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். கை விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அதோடு ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி ரத்தப் பரிசோதனையையும், 'மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு நோயாளி ஒரு கோட்டின்மேல் வைக்கும் புள்ளியையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். 5.1க்கு மேல் என்றால் நோய் உச்சத்தில் இருக்கிறது. 2.6க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது.

அந்தப் பெண்களின் சராசரி 4.98இல் இருந்தது. போலிக் கேப்சூல் மாதத்துக்குப் பிறகு 4.99. எண்ணெய் மாதத்துக்குப் பிறகு 4.55. புள்ளியியல் கணக்கில் இது தற்செயல் அல்ல என்று தேறியது. ஆனால் இறக்கம் 0.43 அல்லது 0.44 மட்டுமே. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு வகுத்த அளவுகோலில், ஒரு நோயாளிக்கு 0.6 அல்லது அதற்குக் குறைவாக இறங்கினால் 'சிகிச்சைக்குப் பலன் இல்லை' என்றே குறிப்பார்கள். நல்ல பலன் என்று சொல்ல 1.2க்கு மேல் இறங்க வேண்டும். அளவுகோல் தனி நோயாளிக்கானது, 0.43 சராசரி, சிலருக்கு அதிகம் இறங்கியிருக்கலாம், சிலருக்கு ஏறியுமிருக்கலாம். ஆனாலும் சராசரி அந்த வாசலையே எட்டவில்லை என்பதை மறைக்க முடியாது.

சோதனை அமைந்த விதத்திலும் ஓட்டை இருக்கிறது. எல்லாருக்கும் முதலில் போலி, பிறகு எண்ணெய். சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்கவில்லை; பாதிப்பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்கவுமில்லை. முடக்குவாதம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் நோய். இரண்டாவது மாதத்தில் இறங்கியதற்கு எண்ணெய் காரணமா, இரண்டாவது மாதம் என்பதே காரணமா என்று இந்த அமைப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. கருஞ்சீரக எண்ணெய்க்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு: விழுங்கிய பிறகு ஏப்பத்தில் அந்தக் காட்டம் வரும். எந்த மாதம் எதைச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்துவிட்டால், கோட்டின்மேல் அவர் வைக்கும் புள்ளி நகரும். சோதனை முடிந்த பிறகு 'உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்' என்று கேட்டுவைத்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மூலிகைச் சோதனைகளில் அதைக் கேட்பவர்கள் குறைவு.

இரானில் 2016இல் வெளியான சோதனை இந்த வகையில் மேலானது. 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், எட்டு வாரம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் எண்ணெயோ போலியோ கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏழு குறிகளை அளந்தார்கள். அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 உயர்ந்தது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் இரண்டு குறிகள், தொடங்கிய நாளோடு ஒப்பிடும்போது, இறங்கின. மற்ற நான்கும் அசையவில்லை. அசையாத நான்கில் ஒன்று டிஎன்எஃப்.

இது சின்ன விஷயம் இல்லை. முடக்குவாதத்துக்கு இன்று போடப்படும் விலையுயர்ந்த ஊசிகளில் பல டிஎன்எஃப்பைப் பிடித்து நிறுத்துபவை. என்எஃப்-கப்பா-பி இயக்கும் மரபணுக்களில் டிஎன்எஃப்புக்கானதும் ஒன்று. எலியின் ரத்தத்தில் தைமோகுவினோன் இறக்கிக் காட்டியதும் அதையே. ஹூஸ்டனில் கண்ட வழியில்தான் எண்ணெய் மனிதரிலும் வேலை செய்கிறது என்றால் முதலில் ஆட வேண்டிய முள் இது. ஆடவில்லை. ஒருவேளை ஆட வைக்கும் அளவுக்குத் தைமோகுவினோன் போகவில்லை; ஒருவேளை 42 பேர் போதவில்லை; ஒருவேளை எண்ணெய் செய்யும் கொஞ்சநஞ்ச வேலையும் வேறு வழியில் நடக்கிறது. மேலே போட்ட மில்லிகிராம் கணக்கைப் பார்த்தால் முதல் காரணத்துக்கே என் வாக்கு. அதே ஆய்வுக்குழு அதே ஆண்டில் 43 நோயாளிகளை வைத்து வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் சிஆர்பியும் டாஸ் மதிப்பெண்ணும் இறங்கியதாகச் சொல்கிறது. எனவே எண்ணெய் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதவும் என்னால் முடியாது.

மற்ற நோய்களிலும் படம் ஏறத்தாழ இதேதான். சவுதியில் 80 ஆஸ்துமா நோயாளிகளை வைத்து நடந்த நான்கு வாரச் சோதனையில், மூச்சுத் தொல்லை பற்றிய கேள்வித்தாளில் எண்ணெய் எடுத்தவர்களின் மதிப்பெண் கூடியது, ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் குறைந்தன. ஊதிப் பார்க்கும் கருவியில் நுரையீரலின் திறன் உறுதியாகச் சொல்லும்படி உயரவில்லை. கோவிட் காலத்தில் அங்கேயே 173 பேரை வைத்து நடந்த சோதனையில், எண்ணெய் எடுத்தவர்களில் 62 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 36 சதவீதம் பேரும் 14 நாளில் குணமானார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் போலிக் கேப்சூல் இல்லை, யார் எதை எடுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். குணமானதைச் சொன்னதும் நோயாளிகளின் அறிகுறிகளே.

இந்த இடைவெளியை மூட என்ன வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தைமோகுவினோனின் அளவு குறித்த கேப்சூல் வேண்டும்: 10, 50, 200 மில்லிகிராம் என்று மூன்று படிகள், கூடவே காட்டமான வாசனையுள்ள ஒரு போலி. விழுங்கிய பிறகு மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து மூலக்கூறு உண்மையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். சில நூறு நோயாளிகள், குறைந்தது ஆறு மாதம். அளவு கூடக் கூட டாஸ் மதிப்பெண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படிப்படியாக இறங்கினால் தைமோகுவினோன் ஜெயித்தது. மூன்று படியிலும் ஒரே அளவு இறங்கினால் அது வேறு எதனுடையதோ வேலை. விதையாகக் கடையில் கிடைக்கும் பொருளுக்குக் காப்புரிமை வாங்கி லாபம் பார்ப்பது கடினம் என்பதால் இவ்வளவு பணத்தை எந்த மருந்து நிறுவனமும் எளிதில் இறக்காது.

அதுவரை கருஞ்சீரகத்தைச் சமையலில் போடுகிறவர்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். கேப்சூலாகவோ கரண்டிக் கணக்கிலோ எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முடக்குவாதச் சோதனைகளில் எண்ணெய் கொடுக்கப்பட்டது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான், அவற்றை நிறுத்திவிட்டு அல்ல. அந்த மருந்தை நிறுத்தினால் சில வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் மூட்டின் எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தால் பிறகு எதைச் சாப்பிட்டாலும் அது திரும்ப வளராது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண்ணெயும் சேர்ந்து அளவைக் கூடுதலாக இறக்கிவிடலாம். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. தோலில் நேரடியாகத் தடவிச் சிலருக்குக் கொப்புளம் கிளம்பியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மருத்துவரிடம் சொல்லும்போது 'நாட்டு மருந்து ஏதோ சாப்பிடுகிறேன்' என்று மழுப்பாமல், பாட்டிலையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதில் எண்ணெயின் அளவு எழுதியிருக்கும். தைமோகுவினோன் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாட்டில்களில் இருக்காது.